கடைசிச் சீட்டு யார் கைக்குப் போகும்?

2025 ஜனவரியில் பாண்டிக்கு ஒரு நேர்காணலுக்குப் போனேன். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கடலூர் ஆல்பேட்டையைத் தாண்டித் தென்பெண்ணைப் பாலத்தில் பஸ் ஏறும்போது, வெள்ளம் விட்டுப்போன குப்பையும் சருகும் கரையோர மரக்கிளைகளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. அன்று கேட்கப்போகும் கேள்விக்கும் அந்த வெள்ளத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது தெரியாது.

வேலை செக்யூரிட்டி இன்ஜினியர் வேலை. அந்த நிறுவனம் மற்றவர்களின் ஆப்களைச் சோதித்து அறிக்கை கொடுக்கிறது. நேர்காணல் எடுத்தவர் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. முன்னுரை எதுவும் இல்லாமல் வெள்ளைப் பலகைக்குப் பக்கத்தில் ஒரு மார்க்கரை வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு சீட்டுக் கம்பெனி. அவங்களுக்கு ஆப் இருக்கு. சந்தாதாரர் தன்னோட போன் நம்பரைத் தானே மாத்திக்கிற வசதி புதுசா கொண்டுவரப் போறாங்க. அதுக்கு ஒரு திரெட் மாடல் போடுங்க. நாற்பத்தஞ்சு நிமிஷம்." யார், எந்த வழியில், எதைக் கெடுக்க வரலாம், எதை முதலில் தடுப்பது என்று எழுதிக் காட்டுவதுதான் திரெட் மாடல்.

இதே மாதிரி கேள்வியில் நான் அதற்கு ஆறு மாதம் முன்பு வேறு ஓர் இடத்தில் தோற்றிருந்தேன். அங்கே கேட்டது கோப்பு பதிவேற்றும் வசதி. ஆபத்துகளை ஆறு வகையாகப் பிரிக்கும், 1999-இல் மைக்ரோசாஃப்டில் உருவான ஸ்ட்ரைட் முறையின் ஆறு தலைப்புகளையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் தோன்றியதையெல்லாம் நிரப்பினேன். மொத்தம் 23 வரிகள். "இதில் மூணு மட்டும்தான் இந்த மாசம் செய்ய முடியும். எந்த மூணு?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அந்த வசதியால் யாருக்கு என்ன நஷ்டம் வரும் என்பதை நான் ஒரு தடவைகூட யோசித்திருக்கவில்லை.

அதனால் பாண்டியில் மார்க்கரை எடுக்காமல் முதலில் கேள்விகள் கேட்டேன். ஆப்புக்குள் எப்படி நுழைகிறார்கள்? போன் எண், அதற்கு வரும் ஓடிபி, அவ்வளவுதான். பின் நம்பர், கடவுச்சொல் எதுவும் கிடையாது. ஆப்பில் என்ன செய்யலாம்? தவணை கட்டலாம், ஏலத்தில் கேட்கலாம், பணம் வந்து சேர வேண்டிய வங்கிக் கணக்கையும் மாற்றலாம். இதுவரை எண்ணை எப்படி மாற்றினார்கள்? கிளைக்கு வந்தால் ஊழியர் ஆபீஸ் திரையில் மாற்றிக் கொடுப்பார். எத்தனை பேர்? 11 கிளைகளில் ஏறக்குறைய 40,000 சந்தாதாரர்கள். இப்போது ஏன் இந்த வசதி? "புயலுக்கு அப்புறம் போன் போச்சு, சிம் போச்சுன்னு கிளை வாசல்ல கூட்டம். அதான்" என்றார்.

இந்தக் கடைசிப் பதிலைப் பலகையின் மேல் மூலையில் எழுதிக்கொண்டேன். இந்த வசதியைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேரிடம் பழைய எண் கையில் இருக்காது என்று அதற்கு அர்த்தம். பழைய எண்ணுக்கு ஒரு ஓடிபி, புது எண்ணுக்கு ஒரு ஓடிபி என்று யாரும் முதலில் வரைகிற அழகான படம் அவர்களுக்கு உதவாது. அவர்களுக்காக ஒரு பக்கவாசல் திறந்தே ஆக வேண்டும். திருடனும் அந்தப் பக்கவாசல் வழியாகத்தான் வருவான்.

அடுத்து சொத்து, அதாவது எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது. "போன் நம்பர்" என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டேன். அந்த எண் வெறும் சாவி. அது எதைத் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். சீட்டு எனக்குப் புதிதில்லை. கடலூர் முதுநகரில் எங்கள் அம்மா இருபது வருடமாகச் சீட்டு கட்டுகிறார். அந்தக் கணக்கையே பலகையில் போட்டேன். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம், சீட்டுத் தொகை 1 லட்சம். ஒரு மாதம் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார் என்று வையுங்கள். அவர் கைக்கு 75,000 வரும். தள்ளிய 25,000-இல் கம்பெனி கமிஷன் 5,000 போக மீதி 20,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் எல்லோரும் 4,000 கட்டினால் போதும்.

இப்போது இந்த 20 பேரில் ஒருவருடைய கணக்கு திருடன் கைக்குப் போகிறது. ஐந்தாவது மாதம் அவர் பெயரில் தள்ளிக் கேட்டு எடுத்துவிடுகிறான். பணம் உடனே கிடைத்துவிடுமா? கிடைக்காது. சீட்டு எடுத்தவர் மீதி 15 தவணைக்கும் ஜாமீன் கொடுத்தால்தான் கம்பெனி பணத்தைக் கொடுக்கும். ஜாமீன்தாரரைக் கூட்டிவர வேண்டும், சம்பளச் சான்றோ சொத்துப் பத்திரமோ காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் நடைமுறை இது, ஆனால் நம் பட்டியலில் சேர வேண்டிய வலுவான தடுப்பும் இதுதான். இருக்கிற தடுப்பைக் கணக்கில் எடுக்காத திரெட் மாடல், பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கச் சொல்லிவிட்டுத் திறந்த ஜன்னலைக் கவனிக்காது.

திறந்த ஜன்னல் இருபதாவது மாதத்தில் இருக்கிறது. கடைசிச் சீட்டு எடுப்பவருக்கு ஏலம் கிடையாது, கட்ட வேண்டிய பாக்கி கிடையாது. பாக்கி இல்லாததால் ஜாமீனும் கிடையாது. கமிஷன் போக 95,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். பொதுவாக அதுவரை தொடாமல் வைத்திருப்பது எங்கள் அம்மா மாதிரி ஆட்கள்தான்: பெண் கல்யாணம், வீட்டுக்கு மேல்தளம், பிள்ளையின் காலேஜ் பீஸ். ஆப்பை மாதத்துக்கு ஒருமுறைகூடத் திறக்க மாட்டார்கள். அதனால் சொத்து என்ற தலைப்பின் கீழ் முதல் வரியாக "முடியப்போகும் சீட்டில், இன்னும் எடுக்காதவரின் கணக்கு" என்று எழுதினேன். 40,000 பேரின் பெயர், முகவரி, ஆதார் விவரங்களெல்லாம் இரண்டாவது வரிக்குத்தான் வந்தன. அவையும் முக்கியம்தான். ஆனால் இந்தப் புது வசதி அவற்றின் ஆபத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை. கேட்கப்பட்டது இந்த வசதியைப் பற்றி.

அதுவரை பேசாமல் இருந்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, யார் வருவாங்க?"

சொத்தை இவ்வளவு குறுக்கிவிட்டால் தாக்குபவரும் தானாகவே குறுகிவிடுவார். யாருடைய சீட்டு எந்த மாதம் முடிகிறது, யார் இன்னும் எடுக்கவில்லை என்று யாருக்குத் தெரியும்? எங்கோ உட்கார்ந்திருக்கும் ஹேக்கருக்குத் தெரியாது. வீடு வீடாகப் போகும் வசூல்காரருக்குத் தெரியும். கிளை ஊழியருக்குத் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கும் தெரியும். இந்த மூவரையும்தான் முதலில் எழுதினேன். வசூல்காரரிடம் சந்தாதாரரே போனை நீட்டி, "தம்பி, இதில் என்னமோ மெசேஜ் வருது, பாரு" என்பார். அந்த நிமிடத்தில் ஓடிபி அவர் கண் முன்னால் இருக்கிறது. எந்த ஹேக்கிங்கும் தேவையில்லை.

நான்காவதாக, போலி ஆவணம் காட்டி டூப்ளிகேட் சிம் வாங்குபவன். சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராமல் நிறுத்திவைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு இருக்கிறது. அது அவனை ஒரு நாள் தாமதிக்கும், தடுக்காது. ஓடிபியை ஊகிப்பவனைப் பட்டியலின் அடியில் போட்டேன். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புகள். ஐந்து தடவைக்கு மேல் தவறினால் பூட்டிவிட்டால் இரண்டு லட்சத்தில் ஒன்று. சும்மா விடக்கூடாது, ஆனால் அதற்கு ஒரு வரி போதும்.

ஐந்தாவது ஆள் திருடனே அல்ல. கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் 90 நாட்கள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். சீட்டு ஓடுவதோ 20 மாதம், 40 மாதம். நடுவில் சந்தாதாரர் எண்ணை மாற்றிவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால், அந்த எண்ணைப் புதிதாக வாங்கியவருக்குச் சீட்டு விவரம் போகும், ஓடிபியும் போகும். பின் நம்பர் கிடையாது என்பதால் அவர் விரும்பினால் உள்ளேயே போய்விடலாம். இதை எழுதும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது: எண் மாற்றும் வசதி ஓர் ஆபத்தைக் கொண்டுவருகிறது, இன்னோர் ஆபத்தைக் குறைக்கவும் செய்கிறது. அதை அளவுக்கு மீறி இறுக்கினால் ஜனங்கள் எண்ணை மாற்றாமலே விட்டுவிடுவார்கள். பிறகு இந்த ஐந்தாவது ஆள் பெருகுவார்.

அப்போது அவர் மடிக்கணினியைத் திருப்பி, டெவலப்பர்கள் எழுதி வைத்திருந்த கோரிக்கையைக் காட்டினார். இரண்டு ஓடிபியும் வந்த பிறகு ஆப் சர்வருக்கு அனுப்புவது இது:

```
POST /v1/phone/confirm
{
  "member_id": 48213,
  "new_phone": "98XXXXXX71",
  "otp_old": "……",
  "otp_new": "……"
}
```

"இதில் என்ன தெரியுது?" என்றார். இந்த மாதிரி இடத்தில் அவசரப்படாமல் ஒவ்வொரு வரியாக "இதை யார் சொல்கிறார்?" என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். `member_id`-ஐச் சொல்வது போன். அதை ஏன் போன் சொல்ல வேண்டும்? யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்பது சர்வருக்கே தெரியும். நான் என் கணக்கில் நுழைந்து, என் பழைய எண்ணுக்கு வந்த ஓடிபியைச் சரியாகப் போட்டு, `member_id`-ஐ மட்டும் பக்கத்து வீட்டு அம்மாவின் எண்ணாக மாற்றி அனுப்பினால்? ஓடிபி சரிதானா என்று மட்டும் சர்வர் பார்த்தால், அவருடைய கணக்கு என் போனுக்கு வந்துவிடும். அடுத்து `new_phone`. ஓடிபி அனுப்பியபோது சொன்ன புது எண்ணும் இப்போது சொல்லும் புது எண்ணும் ஒன்றுதானா? சர்வர் அதை ஒப்பிடாவிட்டால், ஓர் எண்ணுக்கு ஓடிபி வாங்கி வேறோர் எண்ணைப் பதிவு செய்யலாம். வசூல்காரரையும் சிம் திருடனையும் விட இது மோசம். அவர்களால் ஒரு நேரத்தில் ஒரு கணக்கைத்தான் எடுக்க முடியும். இந்த ஓட்டை வழியாக ஒருவர் வீட்டில் உட்கார்ந்தபடி 40,000 கணக்கையும் வரிசையாக எடுக்கலாம். திருத்துவதோ ஒரு பிற்பகல் வேலை:

```
POST /v1/phone/confirm
{
  "change_id": "c7f1…",
  "otp_old": "……",
  "otp_new": "……"
}
```

முதல் படியிலேயே, நுழைந்திருப்பவர் யார், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு என்பதைச் சர்வர் தன்னிடம் எழுதி வைத்துக்கொள்கிறது. ஊகிக்க முடியாத ஒரு `change_id`-ஐ மட்டும் போனுக்குக் கொடுக்கிறது. அந்த ஓடிபிகள் அந்த `change_id`-க்கு மட்டும், அதே ஆளுக்கு மட்டும், ஒரே தடவை மட்டும் செல்லுபடியாகும். இதற்கு மேல் போன் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்எம்எஸ் வாசகத்தையும் மாற்றச் சொன்னேன். "உங்கள் ஓடிபி 482913" என்று மட்டும் வந்தால், வசூல்காரர் "ரசீதுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கம்மா" என்பார், அம்மாவும் சொல்லிவிடுவார். "உங்கள் சீட்டுக் கணக்கின் போன் எண் 71-இல் முடியும் எண்ணுக்கு மாறப்போகிறது" என்று தமிழில் முதலில் சொல்லிவிட்டுக் கடைசியில் ஓடிபி வர வேண்டும். நம் நாட்டில் இந்த வாசகங்களை முன்கூட்டியே டிஎல்டி என்ற தொலைபேசி நிறுவனங்களின் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். நினைத்தவுடன் மாற்ற முடியாது. அதனால் இந்த வேலையை முதல் நாளே தொடங்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்தேன்.

பிறகு பக்கவாசல். பழைய எண் இல்லாதவர் கிளைக்கு வருகிறார், ஊழியர் ஆபீஸ் திரையில் மாற்றுகிறார். ஒருவர் பதிவு செய்ய இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும் என்றேன். "மூணு பேர் இருக்கிற கிளை. மேனேஜர் பாஸ்வேர்டு கிளார்க்குக்குத் தெரியும்" என்றார் உடனே. அது உண்மைதான். அப்படியானால் ஒப்புதல் அதே கிளையில் இருக்கக் கூடாது. தலைமை அலுவலகத்தில் ஒருவர், சந்தாதாரரின் அன்றைய புகைப்படத்தையும் சேரும்போது எடுத்த புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மாற்றியதும் பழைய எண்ணுக்கும் ஒரு செய்தி போக வேண்டும். எண் தொலைந்துவிட்டது என்று சொன்னாலும் போக வேண்டும். சொன்னது பொய்யானால், உண்மையான ஆளுக்குத் தெரிய வேறு வழி இல்லை.

அதோடு, எண் மாறிய 7 நாட்களுக்குக் கணக்கில் எதுவும் செய்ய முடியாது என்றும் எழுதினேன். அங்கேதான் பிடித்தார்.

"புயல்ல வீட்டுக்குள்ள தண்ணி. போன் போச்சு. நாளைக்கு ஏலம், அவருக்கு அந்தப் பணம் இப்பவே வேணும், கூரை போடணும். நீங்க ஏழு நாள் நில்லுன்னு சொல்றீங்க. இந்த வசதியையே அவருக்காகத்தானே செய்யறோம்?"

மூலையில் நானே எழுதி வைத்த வரியை நானே மறந்திருந்தேன். ஒரு நிமிடம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதில் சொத்தின் வரியிலேயே இருந்தது. திருடனுக்கு வேண்டியது பணம். பணம் வெளியே போகும் வழி வங்கிக் கணக்கு. வெறும் எண்ணை மாற்றி, ஏலம் கேட்டு, ஜாமீனும் கொடுத்து, பணம் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் பழைய வங்கிக் கணக்குக்கே போனால், திருடனுக்கு அதில் ஒன்றும் இல்லை. வெள்ளத்தில் போனை இழந்தவருக்கோ வங்கிக் கணக்கு தொலையவில்லை. அவருக்கு அதுவே போதும். ஆக, ஏழு நாள் தடையை எண்ணின் மேல் வைக்கவே தேவையில்லை. எண் மாறிய ஏழு நாளுக்குள் வங்கிக் கணக்கையும் மாற்றப் பார்த்தால் மட்டும் நிறுத்த வேண்டும். சீட்டு முடிய இரண்டு மாதத்துக்குள் இருக்கும், இன்னும் எடுக்காத கணக்காக இருந்தால், வங்கிக் கணக்கை எப்போது மாற்றினாலும் ஆளே நேரில் வர வேண்டும். ஏலமும் தவணையும் பழையபடி நடக்கலாம்.

ஒன்று மிஞ்சியது என்று நானே சொன்னேன்: திருடன் பணத்துக்காக இல்லாமல் பகைக்காக ஏலம் கேட்டு, 30,000 தள்ளி, அவர் பெயரில் சீட்டை எடுத்து வைத்தால்? ஜாமீன் கொடுக்கும்வரை அந்த ஏலத்தை ரத்து செய்ய வழி இருக்க வேண்டும். இது புரோகிராமில் செய்யும் வேலை இல்லை, கம்பெனி தன் விதியில் எழுத வேண்டியது. அவர் தலையாட்டினார்.

எழுதி அழித்த 7 நாள் வரிக்குப் பக்கத்தில் அம்புக்குறி போட்டு இதை மாற்றி எழுதினேன். அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் எனக்குப் பிடித்த இடம் அந்த அம்புக்குறிதான். தடுப்பை எவ்வளவு இறுக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தவன், எங்கே வைப்பது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

தடுப்புகள் வேலை செய்கின்றனவா என்று எப்படித் தெரியும் என்பதற்கு இரண்டே எண்ணிக்கைகள் சொன்னேன். ஒரே போன் எண்ணில் எத்தனை சந்தாதாரர்கள் என்பது ஒன்று. ஒரு வீட்டில் இரண்டு மூன்று பேர் ஒரே போனில் இருப்பது சகஜம். ஒன்பது பேர் இருந்தால் அது வசூல்காரரின் போன். ஓர் ஊழியர் வாரத்துக்கு எத்தனை எண்ணை மாற்றுகிறார் என்பது மற்றொன்று. புயல் வாரத்தில் எல்லாக் கிளையிலும் ஏறும். ஒரு கிளையில் மட்டும், ஒருவர் பெயரில் மட்டும் ஏறினால் போய்க் கேட்க வேண்டும்.

"யாரைத் தடுக்க முடியாதுன்னு விட்டுட்டீங்க?" என்பது அவருடைய கடைசிக் கேள்வி. வீட்டுக்குள் இருப்பவரை, என்றேன். அம்மாவின் போன் மகன் கையில், வங்கிக் கார்டும் அவன் கையில். பணம் சரியான கணக்குக்குத்தான் போகும். அங்கிருந்து அவன் எடுப்பான். சீட்டு ஆப்பால் அதைத் தடுக்க முடியாது, தடுப்பதாகக் கம்பெனியிடம் சொல்லவும் கூடாது. கிளை ஊழியரும் தலைமை அலுவலக ஊழியரும் கூட்டுச் சேர்ந்தாலும் அப்படியே. இரண்டையும் பலகையின் அடியில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டேன். அவர் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

இரவு முதுநகர் வீட்டில் சாப்பிடும்போது அம்மாவிடம் சீட்டுப் புத்தகத்தைக் கேட்டேன். வேறொரு கம்பெனி, 20 மாதச் சீட்டு, 18 தவணை கட்டியாகிவிட்டது. எடுக்கவில்லை. முதல் பக்கத்தில் எழுதியிருந்தது அப்பாவின் பழைய எண். அப்பா அந்த சிம்மை விட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அந்த எண்ணுக்கு அடித்தேன். ஒரு பெண் எடுத்தார். திட்டக்குடி பக்கம் என்றார். சீட்டு மெசேஜ் ஏதாவது வருகிறதா அக்கா என்று கேட்டேன். "ஆமாங்க தம்பி, மாசா மாசம் வருது. யாருதுன்னு தெரியல, அழிச்சிடுவேன்" என்றார். விஷயத்தைச் சொல்லி, நாளைக்கு ஏதாவது மெசேஜ் வந்தால் எனக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். சரி என்றார்.

மறுநாள் காலை அம்மாவோடு கிளைக்குப் போனேன். புத்தகத்தைக் காட்டி எண்ணை மாற்ற வேண்டும் என்றோம். ஊழியர் புத்தக எண்ணை அடித்தார், புது எண்ணைக் கேட்டார், போட்டார். ஆதார் கேட்கவில்லை, அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு நிமிடத்தில் முடிந்தது. வாசலில் நின்று திட்டக்குடிக்கு அடித்தேன். எதுவும் வரவில்லை என்றார். சாயந்திரம் மறுபடி கேட்டேன். அப்போதும் வரவில்லை.